பத்து நிமிடத்தில் ஏழு வீடு தாண்டிய பார்ச்சூனா

காசிமேட்டுத் தம்பி ஒருவர் ஒரு வருடமாக ஜோதிடம் படித்து வருகிறார். வாரத்துக்கு ஒருமுறை பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். போன மாதம் அக்கா பையனின் ஜாதகத்தோடு வந்தார். கையில் போன், போனில் இரண்டு ஆப்.

"அண்ணா, பையனுக்குப் பார்ச்சூனா பத்தாம் வீட்டுலன்னு ஒண்ணு சொல்லுது. இன்னொண்ணு மூணுலன்னு சொல்லுது. எதைண்ணா எடுத்துக்கறது?"

பத்தாம் வீடு என்று வந்ததில் அக்காவுக்கு ஏக சந்தோஷமாம். பையன் பெரிய உத்தியோகத்தில் உட்காருவான் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. இப்போது மூன்று என்றால் என்ன செய்வது?

பார்ச்சூனா என்பது கிரகம் இல்லை. வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டு ஆப்களில் காட்டுவார்களே, அதுதான். வானத்தில் அந்த இடத்தில் எதுவும் கிடையாது. லக்னம், சூரியன், சந்திரன் ஆகிய மூன்றின் பாகைகளை வைத்துக் கூட்டிக் கழித்து எடுக்கும் ஒரு புள்ளி அது. பகலில் பிறந்தவருக்கு லக்னத்தோடு சந்திரனைக் கூட்டிச் சூரியனைக் கழிக்க வேண்டும். இரவில் பிறந்தவருக்கு லக்னத்தோடு சூரியனைக் கூட்டிச் சந்திரனைக் கழிக்க வேண்டும்.

```
பகல்: பார்ச்சூனா = லக்னம் + சந்திரன் − சூரியன்
இரவு: பார்ச்சூனா = லக்னம் + சூரியன் − சந்திரன்
```

மேஷம் ஆரம்பத்தை 0 பாகையாக வைத்து எண்ண வேண்டும். விடை 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துக்கொள்ளலாம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்தில் நின்று கிழக்கே பாருங்கள். கடலும் வானமும் சேரும் கோட்டில் எந்த ராசியின் எந்தப் பாகை எழுகிறதோ அதுதான் லக்னம். சூரியன் அந்தக் கோட்டில் தலை காட்டும் நேரத்தில் லக்னமும் சூரியனும் ஒரே பாகையில் இருக்கும். அப்போது லக்னத்தைக் கூட்டிச் சூரியனைக் கழித்தால் இரண்டும் அடிபட்டுப் போய்ச் சந்திரன் மட்டும் மிஞ்சும். அதாவது சூரியோதயத்தில் பிறந்த குழந்தைக்குப் பார்ச்சூனா சந்திரன் மேலேயே உட்கார்ந்திருக்கும். நேரம் போகப் போக லக்னம் நகரும். லக்னம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு தூரம் பார்ச்சூனாவும் கூடவே நகரும். சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை தள்ளி இருக்கிறதோ, லக்னத்திலிருந்து பார்ச்சூனாவும் அத்தனை பாகை தள்ளி இருக்கும். அலெக்சாந்திரியாவில் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியல் அறிஞர் டாலமி இதைச் சந்திரனுக்கான ஒரு லக்னம் போல விளக்கியதும் இந்தப் பொருளில்தான்.

சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. திதி! 12 பாகைக்கு ஒரு திதி. ஆக, பகல் பிறப்புக்குப் பார்ச்சூனா என்பது அன்றைய திதியை லக்னத்திலிருந்து அளந்து வைத்த புள்ளி. இரவுப் பிறப்புக்கு அதே அளவைப் பின்பக்கமாக அளக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. பல ஜாதகங்களைப் போட்டுப் பார்த்த பிறகு ஒருநாள் தானாகக் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இந்தப் புள்ளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அமாவாசை முடியும் நேரத்தில் பிறந்தவருக்குப் பகலானாலும் இரவானாலும் பார்ச்சூனா லக்னத்திலேயே விழும். பௌர்ணமி முடியும் நேரம் என்றால் லக்னத்துக்கு நேர் எதிரே, ஏழில் விழும். அதுவும் பகல் இரவு இரண்டுக்கும் பொதுதான், 180 பாகையை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே இடம்தானே. நடுவில் உள்ள திதிகளில்தான் பகல் வாய்ப்பாடும் இரவு வாய்ப்பாடும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

சரி, அந்தப் பையனின் ஜாதகத்துக்கு வருவோம். கார்த்திகை மாதம் பத்தாம் தேதியை ஒட்டிய பிறப்பு. சூரியன் விருச்சிகத்தில் 10 பாகை. சந்திரன் மகரத்தில் 25 பாகை, அவிட்டம் முதல் பாதம். மேஷத்திலிருந்து எண்ணினால் சூரியன் 220, சந்திரன் 295. வித்தியாசம் 75 பாகை. 75-ஐ 12-ஆல் வகுத்தால் ஆறு திதி முடிந்து ஏழாவது நடக்கிறது. வளர்பிறை சப்தமி. பஞ்சாங்கத்திலும் அன்றைக்குச் சப்தமி என்றுதான் இருந்தது. இதுவரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் பிறந்த நேரத்தில். ஆஸ்பத்திரிச் சீட்டில் மாலை 5.45 என்று இருக்கிறது. அக்கா, வார்டில் எதிரே மாட்டியிருந்த கடிகாரத்தில் 5.35-க்குக் குழந்தை அழுதது என்று உறுதியாகச் சொல்கிறார். தம்பி ஓர் ஆப்பில் சீட்டு நேரத்தையும் இன்னொன்றில் அக்கா சொன்ன நேரத்தையும் போட்டிருக்கிறார். சென்னையில் அந்த நாட்களில் சூரியன் மறைவது 5.40 வாக்கில். அதாவது ஒரு நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால், இன்னொன்று பின்னால்.

5.35-க்கு லக்னம் ரிஷபத்தில் 9 பாகை, எண்ணிக்கையில் 39. லக்னத்துக்கு நேர் எதிர்ப்புள்ளி விருச்சிகம் 9. சூரியன் விருச்சிகம் 10-இல் இருப்பதால், லக்னப் பாகையிலிருந்து எண்ணும் ஏழாம் வீட்டுக்குள் வருகிறது. ஏழு முதல் பன்னிரண்டு வரை உள்ள வீடுகள் அடிவானத்துக்கு மேலே இருப்பவை. ஆகப் பகல் பிறப்பு. 39-உடன் 75-ஐக் கூட்டினால் 114. அது கடகம் 24 பாகை. ரிஷபத்துக்கு மூன்றாம் வீடு.

5.45-க்கு லக்னம் ரிஷபம் 11 பாகை, எண்ணிக்கையில் 41. எதிர்ப்புள்ளி விருச்சிகம் 11. சூரியன் இப்போது அதற்கு ஒரு பாகை பின்னால், அதே எண்ணிக்கையில் ஆறாம் வீட்டில், அதாவது அடிவானத்துக்குக் கீழே. இரவுப் பிறப்பு. 41-இலிருந்து 75-ஐக் கழித்தால் கழித்தல் 34, அதோடு 360-ஐச் சேர்த்தால் 326. கும்பம் 26 பாகை. ரிஷபத்துக்குப் பத்தாம் வீடு.

பத்து நிமிடத்தில் மூன்றிலிருந்து பத்துக்கு! தம்பி நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதே பத்து நிமிடத்தில் ஜாதகத்தின் மற்ற பகுதிகள் எவ்வளவு மாறின என்று அவரையே எடுத்து எழுதச் சொன்னேன். லக்ன ராசி இரண்டு நேரத்துக்கும் ரிஷபம்தான். ஒன்பது கிரகங்களும் அதே ராசிகளில், அதே நட்சத்திரங்களில். சந்திரன் நகர்ந்தது அரைக்கால் பாகைகூட இல்லை. செவ்வாய் தசை இருப்பு ஆறு வருடம் ஒன்றரை மாதத்தை ஒட்டி இருந்தது, அதில் இரண்டு இரண்டரை வாரம் வித்தியாசம் வந்தது. லக்னம் கார்த்திகையிலிருந்து ரோகிணிக்குத் தாண்டியதால் நவாம்ச லக்னம் மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போனது. அது கவனிக்க வேண்டிய மாற்றம்தான், ஆனாலும் பக்கத்து வீட்டுக்கு ஓர் அடி. அவர் எழுதியதில் பார்ச்சூனா மட்டும்தான் ஜாதகக் கட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவியது.

நான் பயப்படுவது இந்தத் தாவலைப் பார்த்து இல்லை. அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான். கடகத்தில் பார்ச்சூனா என்று வைத்துக்கொண்டால் அதன் அதிபதி சந்திரன். சந்திரன் ஒன்பதாம் வீடான மகரத்தில் இருந்து ஏழாம் பார்வையாகக் கடகத்தையே பார்க்கிறது. "பாக்கியத்தில் இருக்கும் அதிபதி தன் வீட்டைப் பார்க்கிறார், சொந்த முயற்சியால் செல்வம் வரும்" என்று அழகாகச் சொல்லிவிடலாம். கும்பத்தில் என்று வைத்துக்கொண்டால் அதிபதி சனி. ரிஷப லக்னத்துக்குச் சனி ஒன்பதுக்கும் பத்துக்கும் உடையவன், யோககாரகன். "தொழில் வீட்டில் பார்ச்சூனா, அதிபதி யோககாரகன், உத்தியோகத்தில் உயர்வு" என்று அதையும் அழகாகச் சொல்லிவிடலாம். இரண்டு கதையும் கேட்பவருக்கு நம்பும்படியாக வருகின்றன. இரண்டில் ஒன்று கட்டாயம் தவறு. ஆனால் சொல்பவருக்கு எது தவறு என்று கதையிலிருந்து தெரியாது. புதிதாகப் படிப்பவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பொருந்தி வருகிறதே என்பதால் சரி என்று நினைத்துவிடுகிறார்.

எல்லா ஜாதகமும் அஸ்தமனத்தை ஒட்டி இருக்காது என்பது உண்மை. மதியம் இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பகலா இரவா என்ற கேள்வியே கிடையாது. ஆனால் அங்கேயும் லக்னத்தின் பிழை அப்படியே பார்ச்சூனாவின் பிழையாக வந்து சேரும். லக்னம் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. சூரிய சந்திர வித்தியாசமோ ஒரு மணி நேரத்துக்கு அரைப் பாகைதான் மாறுகிறது. ஆகப் பார்ச்சூனாவின் தடுமாற்றம் முழுவதும் லக்னத்திலிருந்து வருவதுதான். பிறந்த நேரச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்திலோ பூஜ்யத்திலோதான் முடியும். 5.43-க்கும் 5.47-க்கும் பிறந்த குழந்தைகள் இரண்டுக்கும் 5.45 என்றுதான் எழுதியிருப்பார்கள். பிரசவ அறையில் கடிகாரம் பார்ப்பதைவிட முக்கியமான வேலை இருக்கும்போது அதைக் குறை சொல்லவும் முடியாது. பார்ச்சூனா ஒரு ராசியின் நடுவில் 14, 15 பாகையில் இருந்தால் இந்தப் பிழையைத் தாங்கும். 28, 29-இல் இருந்தாலோ 1, 2-இல் இருந்தாலோ தாங்காது.

அஸ்தமனத்தை ஒட்டிய பிறப்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் என்பது சூரியனின் மேல் விளிம்பு கண்ணிலிருந்து மறையும் நேரம். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியனை நாம் கொஞ்சம் உயர்த்தியே பார்க்கிறோம். கணக்குப்படி சூரியனின் மையம் அடிவானத்தைத் தாண்டுவது, சென்னையில் அதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே நடந்துவிடுகிறது. ஓர் ஆப் நாட்காட்டி நேரத்தை வைத்துப் பகல் இரவைத் தீர்மானித்தால், இன்னொன்று லக்னக் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். அந்த மூன்று நான்கு நிமிடத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நேரம் துல்லியமாகத் தெரிந்தாலும் விடை இரண்டு வரும்.

சில ஆப்கள் பகல் இரவு பார்ப்பதே இல்லை. அதுவும் பிழை என்று சொல்லிவிட முடியாது. கிரேக்க மரபில் பலர் இரவுக்கு வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டார்கள், டாலமி மட்டும் எல்லா நேரத்துக்கும் பகல் வாய்ப்பாட்டையே வைத்துக்கொண்டார். அந்த வழியில் போகும் ஆப்பில் 5.45-ஐப் போட்டாலும் கடகம் 26 என்றுதான் வரும். மேல்நாட்டு முறை ஆப் என்றால் ஏறத்தாழ 24 பாகை அயனாம்சத்தைக் கழிக்காமல் காட்டும், அப்போது கடகம் 24 என்பது சிம்மம் 18-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதில் லக்னமும் அதே அளவு நகர்ந்து மிதுனத்தில் இருக்கும். லக்னத்திலிருந்து உள்ள 75 பாகைத் தூரம் மட்டும் மாறாது.

நம் நாட்டு மரபிலும் இதே புள்ளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தாஜிக முறையில் ஒவ்வொரு வருடத்துக்கும் தனியாக வருஷ ஜாதகம் போடுபவர்கள் புண்ணிய சஹம் என்று ஒன்று கணிப்பார்கள். அதே கூட்டல், அதே கழித்தல், அதே பகல் இரவு மாற்றம். ஒரு விதி மட்டும் கூடுதல். எதைக் கழிக்கிறோமோ அதிலிருந்து எதிலிருந்து கழிக்கிறோமோ அதுவரை ராசி வரிசையில் எண்ணும்போது இடையில் லக்னம் வரவில்லை என்றால் 30 பாகை, அதாவது ஒரு ராசி, கூட்ட வேண்டும். நம் பையனின் 5.35 கணக்கை இந்த விதியில் வைத்தால், விருச்சிகம் 10-இலிருந்து மகரம் 25 வரை ரிஷபம் வரவில்லை. ஆகவே 114 இப்போது 144 ஆகும். சிம்மம் 24, நான்காம் வீடு. 5.45 கணக்கில் மகரத்திலிருந்து விருச்சிகம் வரை போகும் வழியில் ரிஷபம் வந்துவிடுவதால் கும்பம் 26 அப்படியே நிற்கும். ஒரு குழந்தைக்கு மூன்று, நான்கு, பத்து என்று மூன்று விடை ஆகிவிட்டது. சஹம் வருஷ ஜாதகத்துக்காக வந்தது, அதைப் பிறப்பு ஜாதகத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி அந்த வரியை அடித்துவிட்டேன்.

வாய்ப்பாடு போட்டுப் புள்ளி எடுக்கும் பழக்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி சாட்சி. 1029-இல் எழுதிய ஜோதிட நூலில் அவர் 97 புள்ளிகளைப் பட்டியல் போட்டார். தந்தைக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று என்பதோடு நிற்காமல் பருப்புக்கும் வெங்காயத்துக்கும்கூட அதில் தனித்தனிப் புள்ளி உண்டு. இவற்றை எண்ணி முடியாது, நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகின்றன என்று அவரே சலித்துக்கொண்டிருக்கிறார். 97 புள்ளியை 12 ராசியில் தெளித்தால் ஒரு ராசிக்கு எட்டு விழும். எந்தக் கிரகத்தை எடுத்தாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு புள்ளி இருக்கத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு எதையும் சொல்லிவிடலாம். மேல்நாட்டு ஆப்களில் இந்தப் பட்டியலை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் லக்னாதிபதி எங்கே என்று பார்த்திருக்கலாம்.

"அப்படின்னா ராகு, கேதுவும் கணக்குப் புள்ளிதானேண்ணா? அதை மட்டும் ஏன் இவ்வளவு பெரிசா எடுத்துக்கறோம்?" என்று தம்பி கேட்டார்.

நல்ல கேள்வி. ராகு, கேதுவுக்கும் உடம்பு கிடையாது. ஆனால் அவை வானத்தில் நிஜமான இடங்கள். சந்திரன் போகும் பாதையும் சூரியன் போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு முனைகள் அவை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த முனைகளுக்குப் பக்கத்தில் நேர்ந்தால் கிரகணம் பிடிக்கிறது, அதை யாரும் கண்ணால் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, ராகு ஒரு ராசியைக் கடக்க ஒன்றரை வருடம் ஆகும். பிறந்த நேரம் பத்து நிமிடம் தப்பினால் ராகுவுக்கு ஒன்றும் ஆகாது. லக்னத்தைச் சார்ந்து அது நிற்கும் வீடு மட்டும் லக்னம் மாறினால் மாறும்.

மாந்தி வேறு வகை. நம் ஊர் ஜாதகங்களில் 'மா' என்று கட்டத்துக்குள் எழுதியிருப்பார்கள். பகல் பொழுது 30 நாழிகை என்று வைத்துக்கொண்டால், சனிக்கிழமை உதயத்திலிருந்து 2-ஆம் நாழிகை, வெள்ளி 6, வியாழன் 10 என்று நான்கு நான்காக ஏறி ஞாயிறு 26-இல் முடியும். அந்த நாழிகையில் எந்த லக்னம் எழுகிறதோ அங்கே மாந்தி. பகலில் பிறந்தவருக்கு இதில் பிறந்த நிமிடம் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிழமையும் உதயமும் அஸ்தமனமும் ஊரும் தெரிந்தால் போதும். ஒரே நாளில் ஒரே ஊரில் பகலில் பிறந்த எல்லாருக்கும் மாந்தி ஒரே பாகையில்தான். இரவுக்கு நாழிகைக் கணக்கு மாறும், நம் பையனுக்கு மாதிரி அஸ்தமனத்தை ஒட்டிப் பிறந்தால் அங்கேயும் அதே தாவல் உண்டு.

தூமம் போன்ற உபகிரகங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சூரியனோடு 133 பாகை 20 கலை கூட்டினால் தூமம். மற்ற நான்கும் அதிலிருந்தே வருகின்றன. சூரியன் எங்கே என்று தெரிந்துவிட்டால் அவையும் தெரிந்துவிட்டன, புதிதாக ஒரு செய்தியும் இல்லை.

கணக்குப் புள்ளி எதைப் பார்த்தாலும் நான் என்னையே கேட்டுக்கொள்வது இரண்டு கேள்வி. இது எதிலிருந்து வந்தது? பிறந்த நேரம் பத்து நிமிடம் தப்பினால் இது எவ்வளவு ஓடும்? பார்ச்சூனா வந்தது லக்னத்திலிருந்தும் திதியிலிருந்தும். அந்த இரண்டையும் நான் ஏற்கெனவே பார்த்துப் பலன் சொல்லிவிட்டேன். அதனால் பார்ச்சூனா மூன்றாவது சாட்சியாக வந்து நிற்பதில்லை, முன்பு சொன்ன இரண்டு சாட்சிகளையும் சேர்த்து வேறு மாதிரி சொல்கிறது. லக்னாதிபதி, சந்திரன், இரண்டு, பதினொன்று, நடக்கும் தசை இவை எல்லாம் ஒரு பக்கம் சொல்ல, பார்ச்சூனா மட்டும் வேறு பக்கம் சொன்னால் நான் பார்ச்சூனாவைத்தான் விடுவேன். முடிவை மாற்றும் உரிமையை அதற்குக் கொடுப்பதில்லை.

அதற்காகத் தூக்கி எறியவும் இல்லை. பிறந்த நேரம் உறுதியாகத் தெரிந்த ஜாதகத்தில், பார்ச்சூனாவுக்கு இரண்டு மூன்று பாகைக்குள் ஒரு கிரகம் நின்றால் அந்தக் கிரகத்தைக் கூடுதலாக ஒருமுறை பார்க்கிறேன். பார்ச்சூனா நிற்கும் ராசியின் அதிபதி பலமாக இருக்கிறாரா என்று பார்க்கிறேன். பழைய கிரேக்க முறையிலும் புள்ளியைவிட அதன் அதிபதிக்குத்தான் அதிக மதிப்பு. சும்மா "இரண்டில் பார்ச்சூனா, பணம் கொட்டும்" என்று வீட்டை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. வளர்பிறையில் சதுர்த்தி நடக்கும் பகலில் பிறந்த அத்தனை குழந்தைக்கும் லக்னத்திலிருந்து 36 முதல் 48 பாகைக்குள்தான் பார்ச்சூனா இருக்கும். காசிமேட்டில் பிறந்தாலும் திருவொற்றியூரில் பிறந்தாலும் அப்படித்தான். அத்தனை பேருக்குமா பணம் கொட்டுகிறது?

திதியை வைத்துச் சரிபார்ப்பதைத் தம்பிக்குப் பழக்கிவிட்டேன். ஆப் எதைக் காட்டினாலும் முதலில் பஞ்சாங்கத்தில் திதியைப் பார்க்க வேண்டும். முடிந்த திதிகளை 12-ஆல் பெருக்கினால் லக்னத்திலிருந்து குறைந்தது எத்தனை பாகை என்று தெரிந்துவிடும். சப்தமி என்றால் 72-க்கும் 84-க்கும் நடுவில். தேய்பிறை என்றால் பௌர்ணமி வரைக்குமான 15 திதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பகல் பிறப்புக்கு லக்னத்திலிருந்து ராசி வரிசையில் முன்னால், இரவுப் பிறப்புக்கு அதே அளவு பின்னால். அந்த இடத்தில் புள்ளி இல்லை என்றால் ஆப் வேறு வாய்ப்பாட்டில் ஓடுகிறது, அல்லது நாம் நேரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறோம். வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதத்தையும் கலந்துவிடக் கூடாது, இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும், புள்ளியும் ஓரிரு பாகை தள்ளிப் போகும். பிறகு பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் தள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று தடவையும் ஒரே ராசியில் நின்றால் மட்டும் நோட்டில் எழுதலாம்.

தம்பி அக்கா பையனின் நோட்டைத் திறந்தார். கும்பத்தில் நீல மையில் 'பா' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். அதை அடித்தார். கடகத்தில் எழுதப் போனவரைத் தடுத்தேன். அங்கேயும் இப்போதைக்கு வேண்டாம். ரிஷப லக்னம், அவிட்டம், செவ்வாய் தசை இருப்பு ஆறு வருடம், சப்தமி. இவ்வளவும் இரண்டு நேரத்துக்கும் நிற்கின்றன, இவற்றை வைத்தே ஒரு வருடம் பார்க்கலாம். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் இரண்டு வரி எழுதிக்கொண்டார்: 5.35 என்றால் கடகம் 24. 5.45 என்றால் கும்பம் 26.

"அக்காகிட்ட இன்னா சொல்றதுண்ணா?"

"பையன் லக்னாதிபதி சுக்கிரன். அவர் எங்கே இருக்கார்னு முதல்ல பார்த்துட்டு வா. அதைச் சொல்லலாம்" என்றேன்.